காலஞ்சென்ற என்ற சொல்லை எங்கே வைப்பீர்கள்?

செத்தவீட்டில் பேனா கையில் திணிக்கப்படும் மருமக்களுக்கும் பெறாமக்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள பிள்ளைகளே,

எங்கள் பக்கத்தில் ஒருவர் கண்ணை மூடினால், பெற்ற பிள்ளைகள் அழுதுகொண்டிருக்க, வேலைகளெல்லாம் உங்கள் தலையில்தான் விழும். ஒருவர் பந்தல்காரனைத் தேடி ஓடுவார், இன்னொருவர் ஐயரிடம் போவார். கொஞ்சம் படித்தவர், கையெழுத்து நன்றாக இருப்பவர் என்று பெயரெடுத்த ஒருவரிடம், "நீ பேப்பருக்கு எழுது" என்று ஒரு கொப்பித் தாளைக் கிழித்துக் கொடுப்பார்கள். அந்த ஒருவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். யாழ்ப்பாணத்துப் பத்திரிகை ஒன்றில் இருபது வருடங்களுக்கு மேல் ஒப்புநோக்குநராக இருந்தவன் நான். மரண அறிவித்தல் பக்கம் பெரும்பாலும் என் மேசைக்குத்தான் வரும். ஓய்வுபெற்ற பிறகும் அயலில் யாராவது போய்ச் சேர்ந்தால் தாளை என்னிடம் கொண்டுவந்து காட்டும் வழக்கம் நின்றபாடில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இறந்தவர் இறந்துவிட்டார் என்பதை ஊர் பேப்பர் பார்த்து அறிவதில்லை. விடியமுன்னமே கைபேசியில் அறிந்துவிடும். ஆனாலும் பேப்பரை வரிவரியாகப் படிக்கிறார்கள். எதைத் தேடுகிறார்கள் தெரியுமா? யார் யார் இன்னும் இருக்கிறார்கள், எங்கே இருக்கிறார்கள், யாரை யார் கட்டியிருக்கிறார்கள், யாருடைய பெயர் விடுபட்டிருக்கிறது என்பவற்றைத்தான். நான் கண்ட பிழைகளில் முக்கால்வாசி இறந்தவரைப் பற்றியவை அல்ல, உயிரோடிருப்பவர்களைப் பற்றியவை. அவற்றில் மிகப் பொல்லாதது "காலஞ்சென்ற" என்ற ஒரே சொல்லால் வருவது.

ஒரு அறிவித்தலை எடுத்துத் திருத்திக் காட்டினால் விளங்கும். 2024 மாசியில், ஒரு ஞாயிறு பின்னேரம், ஒரு பெறாமகன் கொண்டுவந்தது. வீட்டாரின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயர்களுக்குப் பதிலாக எழுத்துக்களைப் போட்டிருக்கிறேன்.

தாளின் முதல் வரி இப்படி இருந்தது: "வண்ணார்பண்ணையைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட முன்னாள் அதிபர் திருமதி … அவர்கள் கடந்த சனிக்கிழமை இரவு தனது 84 வயதில் எம்மையெல்லாம் ஆறாத்துயரில் ஆழ்த்திவிட்டு மீளாத்துயில் கொண்டார்."

இந்த ஒரு வரியில் நான்கு பிழைகள்.

அந்த அம்மாவை எனக்குத் தெரியும். அவர் மயிலிட்டியில் பிறந்தவர். 1990 ஆனியில் வலிகாமம் வடக்குச் சனம் எழும்பியபோது உடுத்த உடுப்போடு வந்து, இரண்டு மூன்று இடங்களில் இருந்துவிட்டுக் கடைசியில் வண்ணார்பண்ணையில் தங்கியவர். பெறாமகன் அதற்குப் பின் பிறந்த பிள்ளை. பெரியம்மா எப்போதும் அந்த வீட்டிலேயே இருந்ததால் அங்கேயே பிறந்தார் என்று நினைத்துவிட்டான். இதைச் சின்ன விஷயமாக எடுக்காதீர்கள். மயிலிட்டியில் அவரோடு பள்ளிக்குப் போனவர்கள் இன்று உலகம் முழுக்கச் சிதறிக் கிடக்கிறார்கள். கணவன் பெயரோடு சேர்ந்து வரும் திருமதிப் பெயரை வைத்து அவர்களால் ஆளை மட்டுக்கட்ட முடியாது. ஊர்ப் பெயர்தான் அடையாளம். எனவே "மயிலிட்டியைப் பிறப்பிடமாகவும், வண்ணார்பண்ணையை வதிவிடமாகவும் கொண்ட" என்று மாற்றினோம். தீவுப்பகுதிச் சனம் வட்டார எண்ணையும் போடுவதற்கு இதுதான் காரணம். புங்குடுதீவு என்று மட்டும் எழுதினால் அவர்களுக்குப் போதாது.

அடுத்தது, முன்னாள் அதிபர். அவர் முப்பது வருடம் படிப்பித்தவர். அதிபர் மாற்றலாகிப் போய்ப் புதியவர் வரும்வரை எட்டு மாதம் பதில் அதிபராகக் கையெழுத்து வைத்தவர். பெறாமகன் பொய் எழுதவில்லை, பெரியம்மாவுக்கு ஒரு படி கூட்டிக் கொடுக்க ஆசைப்பட்டான். ஆனால் அந்தப் பள்ளிக்கூடத்தில் உண்மையாக அதிபராக இருந்தவர்களும் அவர்களின் பிள்ளைகளும் இதே பேப்பரைத்தான் வாங்குகிறார்கள். "இவ எப்ப அதிபரா இருந்தவ?" என்று ஒரு வாய் கேட்டால் போதும், அந்த முப்பது வருடமும் அடிபட்டுப் போகும். "ஓய்வுபெற்ற ஆசிரியை" என்று போட்டோம்.

திகதிக்கு வருவோம். உயிர் பிரிந்தது இரவு 1.40க்கு. வீட்டுக் கிழவிகள் அதைச் சனி இரவு என்றுதான் சொல்வார்கள். விடிந்தால்தான் அவர்களுக்கு அடுத்த நாள். அறிவித்தலுக்கு நள்ளிரவு 12 மணிதான் கணக்கு. மரணப் பதிவிலும் அப்படித்தான் வரும். ஆகவே 11.02.2024 ஞாயிற்றுக்கிழமை. திகதியையும் கிழமையையும் சேர்த்தே எழுதுங்கள், எழுதியபின் கலண்டரில் ஒருமுறை பாருங்கள். இரண்டும் பொருந்தாவிட்டால் இரண்டில் ஒன்று பிழை என்பதாவது அச்சுக்குப் போகுமுன் தெரிந்துவிடும். திகதி மட்டும் இருந்தால் பிழையைக் காட்டிக்கொடுக்க ஒன்றுமில்லை.

வெளிநாட்டில் இறந்தவர்களுக்கு இந்தத் தொல்லை இரட்டிப்பு. ரொறன்ரோவில் மாசி மாதத்துச் சனிக்கிழமை இரவு 9 மணி என்றால் யாழ்ப்பாணத்தில் ஞாயிறு காலை 7.30. இங்கே செய்தி கேட்டவர் ஞாயிறு என்று எழுதுவார், அங்கே மகன் கொடுக்கும் அறிவித்தலில் சனி என்று வரும். ஒரே ஆளுக்கு இரண்டு இறந்த நாள். இறந்த இடத்துத் திகதியைப் போட்டு, ஊரையும் பக்கத்தில் எழுதிவிடுங்கள். திதி பார்ப்பது வேறு கணக்கு, அதை ஐயரிடம் விட்டுவிடுங்கள்.

வயதுதான் எனக்குப் பிடித்த இடம். 2024இலிருந்து 1940ஐக் கழித்து 84 என்று எழுதியிருந்தான். நான் அம்மாவின் அடையாள அட்டையைக் கொண்டுவரச் சொன்னேன். பழைய அட்டை, ஒன்பது இலக்கமும் கடைசியில் ஓர் ஆங்கில எழுத்தும் உள்ளது. முதல் ஐந்து இலக்கம் 40820. முதல் இரண்டும் பிறந்த வருடம், 1940. அடுத்த மூன்றும் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பதைச் சொல்லும். பெண்களுக்கு அதோடு 500ஐக் கூட்டியிருப்பார்கள். 820இல் 500 போனால் 320. மாசிக்கு எப்போதும் 29 நாள் என்று வைத்து எண்ணினால் 320ஆவது நாள் கார்த்திகை 15, அதாவது 15.11.1940. புதிய பன்னிரண்டு இலக்க அட்டையிலும் இதே கணக்குத்தான், வருடம் மட்டும் நான்கு இலக்கமாக முழுதாக வரும். ஆக, மாசியில் இறந்தவருக்கு 83 வயது நிறைந்து 84 நடந்துகொண்டிருந்தது. "84ஆவது வயதில்" என்றால் சரி, "84 வயதில்" என்றால் பிழை. "ஆவது" என்ற மூன்றெழுத்தில் ஒரு வருடம் கிடக்கிறது. படத்துக்குக் கீழே தோற்றம், மறைவு என்று இரண்டு திகதியும் போடும் வீடுகளில் வயதை எழுதாமலே விடலாம். கணக்குப் பார்க்க விரும்புபவர் பார்த்துக்கொள்வார். அந்தக் காலத்தில் பள்ளியில் சேர்க்கப் பிறந்த திகதியை முன்பின்னாக மாற்றியவர்களும் உண்டு. சாதகம் ஒன்றும் அட்டை இன்னொன்றும் சொன்னால் பிள்ளைகளைக் கேட்டு ஒன்றை எடுங்கள். படத்துக்குக் கீழே ஒன்று, வரிக்குள் இன்னொன்று என்று மட்டும் விட்டுவிடாதீர்கள்.

ஆறாத்துயர், மீளாத்துயில் இரண்டையும் வெட்டினேன். பையனுக்கு முகம் கொஞ்சம் சுருங்கியது. அறிவித்தல் வேறு, கண்ணீர் அஞ்சலி வேறு. கவிதை, துயரம், வாடாத மலர் எல்லாவற்றுக்கும் முப்பத்தோராம் நாள் வருகிறது, அப்போது அரைப்பக்கம் எழுதலாம். அறிவித்தலில் "காலமானார்" என்ற ஒரு சொல் போதும். சைவ வீடென்றால் "இறைபதம் அடைந்தார்" என்றும், கிறிஸ்தவ வீடென்றால் "கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்" என்றும் எழுதுவார்கள், அவை மரபு. ஆனால் எந்த வீட்டுக்கும் எந்தச் சாவுக்கும் காலமானார் பொருந்தும். தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்ட பிள்ளையின் வீட்டுக்கும் அதுதான். அங்கே "அகால மரணமடைந்தார்" என்று எழுதினால் நாலு பேர் தொலைபேசியில் காரணம் கேட்பார்கள். அந்தக் கேள்வியைத் தாய்க்கு நீங்கள் அனுப்பிவைக்க வேண்டாம்.

இனி உறவுமுறை வரிகள். சகோதரர் வரி இப்படி இருந்தது:

"காலஞ்சென்ற க, ச, காலஞ்சென்ற ட, த, ப ஆகியோரின் அன்புச் சகோதரியும்"

ஐந்து பேர். பிறந்த வரிசைப்படி எழுதியிருக்கிறான். எழுதியவனுக்குத் தெரியும், க, ட இருவரும்தான் இறந்தவர்கள். படிப்பவருக்கு எப்படித் தெரியும்? "காலஞ்சென்ற க, ச" என்று ஒரே மூச்சில் வாசித்தால் ச-வும் போய்விட்டார். "காலஞ்சென்ற ட, த, ப" என்றால் மிச்ச எல்லோரும் போய்விட்டார்கள். காற்புள்ளிக்குச் சாவைத் தடுத்து நிறுத்தும் பலம் கிடையாது. இப்படி ஒன்று என் கையாலேயே ஒருமுறை அச்சுக்குப் போயிருக்கிறது. மட்டக்களப்பில் நல்ல சுகத்தோடு இருந்த ஒரு தம்பியார், தமக்கையின் அறிவித்தலில் காலஞ்சென்றுவிட்டார். அவரோடு வேலை செய்த இருவர் மாலையும் கையுமாக வீட்டுக்குப் போக, படலையைத் திறந்தது அவரேதான். மறுநாள் "திருத்தம்" என்று இரண்டு வரி போட்டோம். திருத்தத்தைப் படித்தவர்கள் எத்தனை பேரோ, முதல் நாள் பேப்பரைத்தான் வெட்டி வைத்திருப்பார்கள்.

பிறந்த வரிசையை இந்த ஓர் இடத்தில் விட்டுக்கொடுங்கள். இறந்தவர்களை முன்னால் ஒன்றாகச் சேர்த்து, வேலியடைத்துவிட்டு, இருப்பவர்களை அப்புறம் எழுதுங்கள்:

"காலஞ்சென்றவர்களான க, ட ஆகியோரினதும், ச, த (கனடா), ப ஆகியோரினதும் அன்புச் சகோதரியும்"

முதல் "ஆகியோரினதும்" வரும் இடத்தில் வேலி முடிகிறது. அதற்கப்பால் இருப்பவர்கள் உயிரோடு இருக்கிறார்கள். "மற்றும்" போட்டும் எழுதுகிறார்கள், ஆனால் வேகமாகப் படிக்கிறவர் கண்ணுக்கு அது தட்டுப்படாது. ஒருவர்தான் இறந்தவர் என்றால் "காலஞ்சென்ற", ஒருவருக்கு மேலென்றால் "காலஞ்சென்றவர்களான". இதை மாற்றிப் போட்டாலும் எண்ணிக்கை குழம்பும்.

எழுதி முடித்ததும் பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும் நேரே இருக்கிறார், இல்லை என்று பென்சிலால் குறித்து, வீட்டிலுள்ள மூத்த பெண்மணியிடம் வாசித்துக் காட்டுங்கள். ஆம்பிளைகள் தலையாட்டிவிடுவார்கள். பெண்கள்தான் "ஐயோ, அவர் போன வருசம் போயிட்டாரே" என்று சொல்வார்கள்.

பிள்ளைகள் வரியில்தான் நாங்கள் அன்று மாட்டுப்பட்டோம். நான்கு பிள்ளைகள். மூத்த மகள் இலண்டனில். மூன்றாவது மகன் கனடாவில். கடைசி மகள் தாயோடு இங்கே. இரண்டாவது மகன் 2009இல் வன்னியில் கடைசி நாட்களில் காணாமல் போனவர். பெறாமகன் எழுதியிருந்தது, "அ (இலண்டன்), காலஞ்சென்ற இ, உ (கனடா), எ ஆகியோரின் பாசமிகு தாயாரும்" என்று.

"இது ஆர் சொல்லி எழுதினது?" என்று கேட்டேன்.

"எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே மாமா. பதினைஞ்சு வருசமாச்சு."

அவனில் பிழை இல்லை. ஆனால் அந்தத் தாய் எல்லா விசாரணைக்கும் போய் மகனின் பெயரைப் பதிந்தவர். இறப்புச் சான்றிதழ் எடுங்கள், நட்டஈடு கிடைக்கும் என்று சொன்னவர்களுக்குக் கடைசிவரை மாட்டேன் என்றவர். 2016இல் வந்த சட்டத்தின்படி காணாமற்போனமைக்கென்று ஒரு சான்றிதழ் தனியாகத் தருகிறார்கள், அது இறப்புச் சான்றிதழ் ஆகாது. தாய் உயிரோடு இருந்தபோது வைக்க விடாத ஒரு சொல்லை, அவர் கண்மூடி ஒரு நாள் ஆகுமுன் அவருடைய அறிவித்தலிலேயே வைப்பதா? கடைசி மகளைக் கேட்டுவரச் சொன்னேன். சில வீடுகளில் "காணாமல் ஆக்கப்பட்ட" என்று எழுதச் சொல்வார்கள். அது அவர்கள் உரிமை, எழுதத்தான் வேண்டும். இந்த மகள் சொல்லியனுப்பியது வேறு. "அண்ணையின்ர பெயரை அவர் பிறந்த இடத்தில சும்மா போடச் சொல்லுங்கோ."

அப்படியே போட்டோம். அ-வுக்குப் பிறகு இ. முன்னால் எந்தச் சொல்லும் இல்லை, பின்னால் அடைப்புக்குறிக்குள் எந்த நாடும் இல்லை. தெரியாதவர் அவரும் இங்கேதான் இருக்கிறார் என்று எண்ணிக்கொள்வார். தெரிந்தவருக்கு அது போதும்.

சின்னச் சின்னத் திருத்தங்களை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளுக்குப் பாசமிகு, மருமக்களுக்கு வெறும் மாமியார் என்றிருந்ததை எல்லா இடத்திலும் "அன்பு" என்று சமப்படுத்தினோம். அடைமொழியை எண்ணிப் பார்க்கும் மருமக்கள் உண்டு, நீங்களே அவர்களில் ஒருவராக இருக்கலாம். இறந்தவர் மற்றவர்களுக்கு என்ன முறை என்பதுதான் வரவேண்டும். பதற்றத்தில் மற்றவர்கள் இவருக்கு என்ன முறை என்று எழுதி, மாமியார் வரவேண்டிய இடத்தில் மருமகன் வந்திருந்தது. பேரப்பிள்ளைகள் வரியில் "அன்புப் பேத்தியும்" என்றிருந்ததைக் கனடாவில் பிறந்த பேரப்பிள்ளை ஒன்று, படம் பிடித்து அனுப்பியதைப் பார்த்துவிட்டு, "அம்மம்மா எப்படிப் பேத்தி ஆனா?" என்று கேட்டதாம். எங்கள் ஊர் அறிவித்தல்களில் பாட்டனார் பேரன், பாட்டியார் பேத்தி. அதை மாற்றாதே என்றேன். விவாகரத்தான மருமகளின் பெயரைப் போடுவதா விடுவதா என்பதைக் கனடாவில் இருக்கும் மகனே சொல்லட்டும் என்று விட்டோம். அவர் போடச் சொன்னார்.

கடைசியாக ஒரு சொல். "இறுதிக்கிரியைகள் நாளை மறுதினம்" என்று இருந்தது. ஞாயிறு எழுதும்போது நாளை மறுதினம் செவ்வாய். திங்கள் காலை பேப்பரைப் பிரிப்பவருக்கு அது புதன். புதன்கிழமை வெள்ளை வேட்டியோடு வந்து இறங்குபவர் சாம்பலைத்தான் பார்ப்பார். இன்று, நாளை என்ற சொற்களை அறிவித்தலில் எழுதவே எழுதாதீர்கள்.

இரவு ஏழு மணிக்கு அலுவலகத்துக்குப் போனது இது:

"மயிலிட்டியைப் பிறப்பிடமாகவும், வண்ணார்பண்ணையை வதிவிடமாகவும் கொண்ட, ஓய்வுபெற்ற ஆசிரியை திருமதி … அவர்கள் 11.02.2024 ஞாயிற்றுக்கிழமை காலமானார்.

அன்னார், காலஞ்சென்றவர்களான … தம்பதியரின் அன்பு மகளும், காலஞ்சென்ற … அவர்களின் அன்பு மனைவியும், அ (இலண்டன்), இ, உ (கனடா), எ ஆகியோரின் அன்புத் தாயாரும், … ஆகியோரின் அன்பு மாமியாரும், காலஞ்சென்றவர்களான க, ட ஆகியோரினதும், ச, த (கனடா), ப ஆகியோரினதும் அன்புச் சகோதரியும், … ஆகியோரின் அன்புப் பேத்தியும் ஆவார்.

அன்னாரின் இறுதிக்கிரியைகள் 13.02.2024 செவ்வாய்க்கிழமை முற்பகல் 10 மணிக்கு அவரது இல்லத்தில் நடைபெற்று, பூதவுடல் தகனத்துக்காகக் கோம்பயன்மணல் இந்து மயானத்துக்கு எடுத்துச் செல்லப்படும். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்.

தகவல்: பிள்ளைகள்."

பையன் கொண்டுவந்த தாளைவிட இது சின்னதாகிவிட்டது. காசும் அதற்கேற்பக் குறைந்தது.

அலுவலகத்தில் தட்டச்சுச் செய்ததும் ஒரு படி காட்டுவார்கள். அதை நீங்கள் வாசிக்காதீர்கள். எழுதியவன் கண் தான் எழுதியதைத்தான் பார்க்கும், அங்கே இருப்பதைப் பார்க்காது. கூட வந்தவரை உரக்க வாசிக்கவிட்டு, உங்கள் தாளைப் பார்த்துக்கொண்டிருங்கள். முடிந்ததும், கீழே அச்சாகப் போகும் தொலைபேசி இலக்கத்தை அந்தப் படியிலிருந்தே பார்த்து அழுத்துங்கள். செத்தவீட்டில் யாராவது எடுத்து "ஹலோ" என்றால், கையெழுத்து வைத்துக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அயலிலுள்ள ஒரு பழைய ஒப்புநோக்குநர்